காகிதத்தில் ஒன்றரை அங்குலம்

கோயிலில் தீபாராதனைத் தட்டு அருகில் வந்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தாத்தாவின் மரப்பெட்டி. அந்தப் பெட்டியில் எப்போதும் ஒரு கற்பூரக் கட்டி துணியில் முடிந்து கிடக்கும். நீலகிரியில் பனியும் மழையும் மாறி மாறி வரும். எண்ணெய் தடவாமல் ஓர் இரும்புச் சாமானை இரவில் வெளியே வைத்தால் காலையில் செம்புள்ளி விழுந்திருக்கும். பெட்டிக்குள் கற்பூரம் இருந்தால் துரு அண்டாது என்பது தாத்தா தலைமுறை ஃபிட்டர்களின் நம்பிக்கை. கற்பூரமும் மெஷின் எண்ணெயும் கலந்த அந்த வாசனைக்கு நடுவே, பச்சை ஃபெல்ட் துணியில் படுத்திருக்கும் அவருடைய மைக்ரோமீட்டர். ஷெஃபீல்டில் மூர் அண்ட் ரைட் கம்பெனி செய்தது. ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் வரை அளப்பது.

தாத்தா கேத்திக்குப் பக்கத்தில் எல்லநள்ளியில் இருக்கும் ஊசித் தொழிற்சாலையில் டூல்ரூமில் வேலை பார்த்தவர். நீடில் இண்டஸ்ட்ரீஸ் 1949-இல் அந்த மலைச்சரிவுக்கு வந்தது. இங்கிலாந்தின் ஸ்டட்லியிலிருந்த ஊசிக் கம்பெனியின் தொடர்பில் தொடங்கியது என்பதால், ஆரம்ப நாட்களில் எல்லாம் அங்குலக் கணக்குதான். தையல் ஊசி செய்யும் பழைய முறையைத் தாத்தா எனக்கு விரலை மடக்கி மடக்கிச் சொல்வார். கம்பியை இரண்டு ஊசி நீளத்துக்கு வெட்டுவது, இரண்டு முனையையும் கூராக்குவது, நடுவில் தட்டையாக அடித்து இரண்டு காது துளைப்பது, பிறகு நடுவில் பிரித்து இரண்டு ஊசியாக்குவது. அந்தக் காதைத் துளைக்கும் பஞ்ச்சும், அது இறங்கும் டையும் செய்கிறவர்தான் டூல்மேக்கர். பஞ்ச்சுக்கும் டைக்கும் இடையே விடும் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. அது கூடினால் காதில் பிசிறு நிற்கும், நூல் அறுந்து அறுந்து போகும். குறைந்தால் பஞ்ச் முறியும். அப்படிப்பட்ட வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் கழித்தவர், ஓய்வு பெற்ற பிறகும் காலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு பெட்டியைத் திறக்காமல் இருந்ததில்லை.

நான் பள்ளிக்கூடம் படித்ததெல்லாம் தாத்தா வீட்டிலிருந்துதான். மாலையில் கணப்பில் கரி போட்டுவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அளக்கச் சொல்வார். முதல் பாடம் தலைமுடி. அதற்குச் சின்ன மைக்ரோமீட்டர், ஓர் அங்குலம் வரை அளப்பது. என் முடி ஒன்றைப் பிடுங்கி ஆன்விலுக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் வைத்து, நுனியில் இருக்கும் ராச்செட்டை மட்டும் திருகச் சொல்வார். மூன்று முறை 'கிளிக்' சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும். "எவ்வளவு கண்ணு?" "மூணு தவ், தாத்தா." ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குக்குப் பட்டறையில் தவ் என்று பெயர். பிறகு பாட்டியின் முடி, அதற்குப் பிறகு பேப்பரின் ஓரம். ராச்செட்டை விட்டுவிட்டுத் திம்பிளையே பிடித்து இறுக்கினால் அதே முடி இரண்டு தவ்வாகக் குறைந்துவிடும். முடி மாறவில்லை, நான் அதை நசுக்கிவிட்டேன். ஸ்பிண்டிலில் இருக்கும் மரை அவ்வளவு நைசானது, கொஞ்சம் பலம் கொடுத்தாலே நாம் விரும்பும் எண்ணை அது சொல்லிவிடும் என்று தாத்தா அப்போதே காட்டினார். ராச்செட் எல்லாக் கைக்கும் ஒரே அழுத்தம் கொடுப்பதற்காக வைத்தது.

இப்போதெல்லாம் எண் திரையில் தெரிந்துவிடுகிறது. அப்போது படிக்கக் கற்றாக வேண்டும். அங்குல மைக்ரோமீட்டரில் ஸ்பிண்டில் ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தவ் நகரும். தண்டில் பெரிய கோடு ஒவ்வொன்றும் நூறு தவ், இடையில் இருக்கும் சின்னக் கோடு ஒவ்வொன்றும் இருபத்தைந்து. சுற்றும் திம்பிளில் இருக்கும் எண்ணை அதோடு கூட்ட வேண்டும். சின்னக் கோடு திம்பிளின் ஓரத்தில் பாதி மறைந்து நிற்கும்போதுதான் வம்பு. அதைச் சேர்த்தால் ஒரு கணக்கு, விட்டால் ஒரு கணக்கு, நடுவில் இருபத்தைந்து தவ் வித்தியாசம். அதனால் மைக்ரோமீட்டரில் படித்ததும் ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஒருமுறை பார்க்கச் சொல்வார். ஸ்கேலில் தவ் தெரியாது, ஆனால் இருபத்தைந்து தவ் தப்பு தெரிந்துவிடும்.

இந்தப் பயிற்சியெல்லாம் ஓர் ஆவணி மாதத்தில் வேலைக்கு வந்தது. கோத்தகிரிப் பக்கம் இருந்த ஒரு தேயிலை ஃபேக்டரியிலிருந்து ஃபிட்டர் ஒருவர் தாத்தாவைத் தேடி வந்தார். அவர்களிடம் பழைய வெள்ளைக்காரன் காலத்து ரோலர் ஒன்று இருந்தது. வாடவைத்த கொழுந்தை மேலே ஒரு தொட்டியில் போட்டு, கீழே பித்தளைப் பட்டைகள் பதித்த மேசைமேல் அந்தத் தொட்டியை வட்டமாகச் சுழற்றினால் இலை முறுக்கிக்கொள்ளும். தொட்டியைத் தாங்கிச் சுழற்றுவது மூன்று கிராங்குகள். ஒவ்வொரு கிராங்கிலும் ஒரு பின், அந்தப் பின்னைச் சுற்றி ஒரு கன்மெட்டல் புஷ். அந்த மூன்றில் ஒன்று மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை புஷ் மாற்றியும் சத்தம் போகவில்லை. கிரீஸ் கசிந்து கொழுந்தில் விழுந்தால் அந்த முறை போட்ட இலை முழுவதும் வீண் என்று கவலையோடு சொன்னார்.

கையில் வரைபடம் கொண்டுவந்திருந்தார். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டிய தாள். அமோனியா வாசனை எப்போதோ போய்விட்ட பிரிண்ட். கோடுகள் வெளிறியிருந்தன. பின்னின் விட்டம் ஒன்றரை அங்குலம் என்று இருந்தது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஏனென்றால் யாரோ அதன்மேல் பேனாவால் திரும்ப எழுதியிருந்தார்கள். மெட்ரிக் அளவுச் சட்டம் 1956-இல் வந்தது. அதற்குப் பிறகு வந்த யாரோ ஒருவர் பக்கத்தில் 38 மில்லிமீட்டர் என்றும் சேர்த்திருந்தார். ஒன்றரை அங்குலம் என்பது 38.1 மில்லிமீட்டர். விட்டுப்போன அந்தப் பத்தில் ஒன்று மட்டுமே நாலு தவ். ஒரு புஷ் பின்னைப் பிடித்துக்கொள்ள அது போதும்.

தாளின் அடியில், வரைபடத்தை ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. தாத்தா அந்த வரியை என்னைப் படிக்கச் சொன்னார். பிறகு ஒரு வேலை செய்தார். படத்தில் இருந்த ஒரு நீளத்தை டிவைடரால் எடுத்து ஸ்கேலில் வைத்துக் குறித்துக்கொண்டார். தாளை இரவு முழுவதும் திண்ணை ஓரமாக, மழைச் சாரல் படாத ஆனால் பனி படும் இடத்தில் தொங்கவிட்டார். காலையில் அதே நீளத்தை அதே டிவைடரால் எடுத்தார். முள் குறியைத் தாண்டி நின்றது. "ஊட்டிப் பனிக்குத் தாள் ஊதும் கண்ணு. படத்துல எழுதியிருக்கிற எண்ணுக்குத்தான் மதிப்பு, கோட்டுக்கு இல்ல. அந்த எண்ணும் மெஷின் பிறந்த அன்னிக்கு இருந்த எண்ணு. இன்னிக்கு அது எப்படி இருக்குன்னு மெஷின்கிட்டதான் கேக்கணும்."

மறுநாள் பஸ்ஸில் கோத்தகிரி போனோம். கிராங்கிலிருந்து பின்னைத் தனியாகக் கழற்ற முடிந்தது நல்லதாயிற்று. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மேசைமேல் வைத்தார்கள். தாத்தா உடனே அளக்கவில்லை. மைக்ரோமீட்டரையும், அதோடு வந்த ஒரு அங்குல ஸ்டாண்டர்டு கட்டையையும், பின்னையும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். மூன்றும் ஒரே சூட்டுக்கு வரட்டும் என்றார். உலகம் முழுவதும் அளவுகளை 20 டிகிரி சூட்டுக்குத்தான் சொல்கிறார்கள். மலைக்காலையில் அந்தச் சூடு ஏது? ஆனால் அளக்கும் கருவியும் அளக்கப்படும் இரும்பும் ஒரே குளிரில் இருந்தால் இரண்டும் ஒரே அளவு சுருங்கும், தப்பு வெளியே வராது. ஒன்றை மட்டும் கையில் வைத்துச் சூடாக்கினால்தான் சிக்கல். அதனால்தான் அவர் மைக்ரோமீட்டரின் வளைவை ஒருபோதும் உள்ளங்கையில் பொத்திப் பிடிக்க விடமாட்டார்.

டீ முடிந்து வந்ததும் ஒரு வெள்ளைத் தாளை ஆன்விலுக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் லேசாகப் பிடித்து இழுத்து முகங்களைத் துடைத்தார். ஸ்டாண்டர்டு கட்டையை வைத்து மூன்று கிளிக். திம்பிளின் பூஜ்யம் கோட்டோடு ஒட்டி நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் என் கையில் கொடுத்தார். கருவியின் பூஜ்யத்தைப் பார்க்காமல் எடுத்த எண்ணை அவர் நோட்டில் எழுதவிட்டதே இல்லை.

பின்னின் நடுவில் அளந்தேன். 1.463. "அப்படியே கால் சுத்து திருப்பி அளந்து பாரு." 1.457. உருண்டையாக இருக்க வேண்டிய பின் ஆறு தவ் கோணலாகத் தேய்ந்திருந்தது. ரோலரில் சுமை ஒரு பக்கமாகவே விழுவதால் வந்த தேய்மானம். "இப்ப புஷ் தொடாத இடம் எங்க இருக்குன்னு தேடு." பின்னின் தோளுக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கும் குறைவாக ஒரு வளையம். புஷ் அதுவரை வருவதில்லை. அங்கே இரும்பின் நிறமே வேறாக இருந்தது. ராச்செட்டைத் திருகினேன். ஒன்றோடு நாலு பெரிய கோடு, இரண்டு சின்னக் கோடு, திம்பிளில் இருபது. 1.470. கால் சுற்று திருப்பினாலும் 1.470. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், ஒன்றரைக்குக் கொஞ்சம் உள்ளேதான் நின்றது.

தேயாத இடத்திலேயே ஒன்றரை இல்லை. அது தேய்மானமாக இருக்க முடியாது, தேய்மானம் இப்படி நாலு பக்கமும் ஒரே எண்ணில் நிற்காது. எப்போதோ ஒருவர் இந்தப் பின்னை லேத்தில் போட்டு முப்பது தவ் குறைத்துச் சீராக்கியிருக்கிறார். அது சரியான வேலைதான். ஆனால் குறைத்ததை வரைபடத்தில் எழுதவில்லை. அடுத்து வந்தவர்கள் பின்னை அளக்காமல், வரைபடத்தை மட்டும் பார்த்து ஒன்றரை அங்குலத்துக்குப் புஷ் கடைந்து போட்டிருக்கிறார்கள். ஒன்றரைக்கு மேல் இரண்டு தவ் இடைவெளி வைத்தால் புஷ்ஷின் துளை 1.502. பின் 1.470. முப்பத்திரண்டு தவ் ஆட்டத்தோடு அந்தப் புதுப் புஷ் முதல் நாளே பிறந்திருக்கிறது. பிறகு சத்தம் எப்படிப் போகும்?

தாத்தா அதோடு விடவில்லை. "வெளிய இருக்கிற வீட்டையும் பார்க்கணும்" என்று, புஷ் உட்காரும் துளையைக் காட்டினார். துளைக்குள் நம் மைக்ரோமீட்டர் நுழையாது. இன்சைட் காலிப்பரை உள்ளே விட்டு, ஒரு காலை ஊன்றி இன்னொரு காலை மெல்ல ஆட்டி, சுவரை உரசியும் உரசாமலும் போகும் இடத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு அதை வெளியே எடுத்து மைக்ரோமீட்டருக்கு நடுவில் பிடித்து, அதே உரசலை விரலில் தேட வேண்டும். இதற்கு ராச்செட் உதவாது, விரல்தான் உதவும். என் கைக்கு வந்தது 1.880. தாத்தாவின் கைக்கு 1.878. மறுபடி என்னைச் செய்யச் சொன்னார், நானும் 1.878-க்கு வந்தேன். வரைபடத்தில் அது ஒன்றே முக்கால் அரைக்கால் அங்குலம், அதாவது 1.875. புஷ் அதைவிட இரண்டு தவ் பெரிதாக இருந்து, அழுத்தி ஏற்றினால்தான் சுழலாமல் நிற்கும். வரைபடக் கணக்கில் 1.877-க்குக் கடைந்த புஷ், 1.878 துளையில் தளர்ந்துதான் உட்கார்ந்திருக்கும்.

அப்போதுதான் அவர் கழற்றிய பழைய புஷ்ஷைத் திருப்பிக் காட்டினார். வெளிப்புறம் கண்ணாடி போல் பளபளத்தது. அசையாமல் இருக்க வேண்டிய வெளிப்புறம் சுழன்று சுழன்று தேய்ந்திருந்தது. கிரீஸ் போகும் ஓட்டை புஷ்ஷில் ஒரு பக்கம், வீட்டில் இன்னொரு பக்கம். ஃபிட்டர் ஒவ்வொரு வாரமும் கிரீஸ் அடித்திருக்கிறார், அது பின்னுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஓரத்தில் வழிந்து கீழே விழுந்திருக்கிறது. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். சத்தத்துக்கும் கிரீஸ் கசிவுக்கும் தேய்மானத்துக்கும் மூன்று மருந்து தேடிக்கொண்டிருந்த இடத்தில் காரணம் ஒன்றாகவே இருந்தது.

வேலையைக் குன்னூரில் தாத்தாவுக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறையில் முடித்தோம். பின்னின் இரண்டு முனையிலும் அந்தக் காலத்தில் போட்ட சென்டர் குழி அப்படியே இருந்ததால், அதே அச்சில் பிடிக்க முடிந்தது. கோணல் போகிற வரை கடைந்து, நைசான எமரியில் முடித்தபோது 1.450. எங்கே அளந்தாலும், எப்படித் திருப்பினாலும் அதே எண். புஷ்ஷின் வெளிப்புறம் 1.880. உள்துளையை மட்டும் தாத்தா முடிக்க விடவில்லை. அழுத்தி ஏற்றும்போது வீடு புஷ்ஷை நெருக்கும், உள்துளை ஒன்றிரண்டு தவ் சுருங்கும். அதனால் பத்து தவ் சதை விட்டு, ஏற்றிய பிறகு கடைசியாகக் கடைய வேண்டும் என்றார்.

அந்தக் கடைசிக் கடைசலில்தான் எனக்கு இன்னொரு பாடம் கிடைத்தது. டர்னர் துளையை முடித்துவிட்டு உடனே காலிப்பரை விட்டார். 1.452, சரியாக இருக்கிறது என்றார். தாத்தா புஷ்ஷைத் தொட்டுப் பார்த்தார், வெதுவெதுவென்று இருந்தது. "ஆறட்டும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆறிய பிறகு அளந்தால் கிட்டத்தட்ட ஒரு தவ் குறைவு. கன்மெட்டல் இரும்பைவிடச் சூட்டுக்கு அதிகம் விரியும், ஆறினால் அதிகம் சுருங்கும். இரண்டு தவ் இடைவெளி வேண்டிய இடத்தில் ஒரு தவ் காணாமல் போனால் பாதி போனது போல. இன்னும் ஒரு மெல்லிய சீவல் எடுத்து, மறுபடி ஆறவைத்து, மறுபடி அளந்து முடித்தார்கள். எண்ணெய் தடவிய பின்னைச் செருகியபோது அது தன் எடையிலேயே நிதானமாக இறங்கியது. பக்கவாட்டில் ஆட்டினால் ஆடவில்லை.

ரோலர் ஓடத் தொடங்கியபோது ஃபிட்டர் காதை அந்தக் கிராங்குக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். மற்ற இரண்டின் இரைச்சலும் இதன் இரைச்சலும் ஒன்றாகிவிட்டிருந்தது. தாத்தா அதைக் கேட்டுக்கொண்டே அந்தப் பழைய வரைபடத்தைக் கேட்டு வாங்கினார். நான் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் அதை மேசையில் விரித்து, மரியாதையாகத் தடவிச் சுருக்கம் எடுத்தார். "இது இல்லாம எனக்கு எதை எங்க அளக்கணும்னே தெரிஞ்சிருக்காது" என்றார். எந்த முகம் எதன்மேல் உட்காருகிறது, கிரீஸ் ஓட்டை எந்தப் பக்கம், புஷ்ஷை அழுத்தி ஏற்ற வேண்டுமா தளர்வாக விட வேண்டுமா, எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் அந்தத் தாள்தான் சொல்லியிருந்தது. ஒன்றரை அங்குலம் என்ற எண் மட்டும்தான் பழசாகிப்போயிருந்தது. சிவப்பு மையில் அந்த எண்ணின் குறுக்கே ஒரு கோடு போட்டு, அழிக்காமல், பக்கத்தில் பின் 1.450, வீடு 1.878 என்று எழுதி, மாதமும் வருடமும் போட்டார். கீழே, எந்தக் கிராங்க் என்பதையும் குறித்தார். ஏனென்றால் மற்ற இரண்டு பின்களின் அளவு வேறாக இருக்கலாம், அவற்றை நாங்கள் அளக்கவில்லை.

தாத்தா போய்ப் பல வருடம் ஆகிறது. நான் கோயம்புத்தூரில் பழைய மெஷின்களைப் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். இப்போது வரைபடம் கம்ப்யூட்டரில் வருகிறது. மடிப்பு இல்லை, கிழிசல் இல்லை, பனியில் ஊதுவதும் இல்லை. அதனாலேயே பையன்கள் அதை இன்னும் அதிகமாக நம்புகிறார்கள். திரையில் எண் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், அந்த மெஷினுக்கு நடுவில் எத்தனை பேர் லேத் போட்டிருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாமான் வந்தாலும் முதலில் பூஜ்யம் பார்த்து, தேயாத இடத்தைத் தேடி, அதை இரண்டு திசையில் அளந்து எழுதிய பிறகுதான் வரைபடத்தைத் திறப்போம். முடித்துக் கொடுக்கும்போது மாறிய அளவையும் தேதியையும் எழுதிய ஒரு தாளை மெஷினோடு சேர்த்தே அனுப்புவோம்.

அந்தக் கோத்தகிரி ரோலருக்கு மறுபடி புஷ் மாற்ற வேண்டிய காலம் வந்தபோது, தாத்தா உயிரோடு இல்லை, பழைய ஃபிட்டரும் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்த இளைஞர் ஒருவர் அந்தத் துணி ஒட்டிய தாளைப் பிரித்துச் சிவப்பு எண்ணைப் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு நிற்காமல், பின்னை அளந்து அது இப்போது 1.448 இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்றபடி புஷ் கேட்டு எனக்குப் போன் செய்தார். எண்ணோடு எந்தத் திசையில் அளந்தார் என்பதையும் சொன்னார். மேலே கேட்க எனக்கு ஒரு கேள்வியும் இருக்கவில்லை. அன்று மதியமே புஷ் லேத்தில் ஏறியது.